இரண்டு முனையும் பொருந்துது, படம் மட்டும் வரலையே?

கேள்வி: ஆத்தங்குடியில் எங்களுக்குத் தரைக்கல் பட்டறை இருக்கிறது. வருகிறவர்களுக்குப் பூ டிசைன்களைப் பெரிய திரையில் காட்டலாம் என்று காரைக்குடியில் பழைய ஆபீஸ் மானிட்டர் ஒன்று வாங்கினேன். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு, மானிட்டரில் அது இல்லை. அதனால் ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் டிஸ்ப்ளே போர்ட் உள்ள கேபிளை ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். No Signal என்று காட்டிவிட்டுத் திரை அணைந்துபோகிறது. கேபிளை ஒரு தடவை மாற்றியும் வாங்கியாச்சு, அதே கதைதான். மானிட்டர் விற்றவரோ, "மானிட்டர் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். நான் எதைத் திருப்பிக் கொடுக்கணும்? மானிட்டரின் பின்பக்கப் படம் அனுப்பியிருக்கிறேன்.
— ஆத்தங்குடி வாசகர்

பதில்: மானிட்டரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். விற்றவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கேபிளும் கெட்டுப்போனதாக இருக்காது, இரண்டு கேபிள் அடுத்தடுத்து ஒரே மாதிரி பழுதாக வருவது அபூர்வம். நீங்கள் வாங்கியது ஒருவழிக் கேபிள். அது டிஸ்ப்ளே போர்ட் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ உள்ள டிவிக்கோ மானிட்டருக்கோ படம் கொண்டுபோவதற்காகச் செய்தது. உங்களிடம் நிலைமை தலைகீழ். எச்டிஎம்ஐ லேப்டாப் பக்கமும் டிஸ்ப்ளே போர்ட் மானிட்டர் பக்கமும் இருக்கின்றன. இரண்டு முனையும் அழகாகச் செருகிக்கொள்வதால், தப்பு இங்கேதான் என்று யாருக்கும் தோன்றாது.

முழுச் சிக்கலும் இதற்குள்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். எச்டிஎம்ஐ படத்தை அனுப்பும் முறை வேறு, டிஸ்ப்ளே போர்ட் அனுப்பும் முறை வேறு. எச்டிஎம்ஐயில் படப்புள்ளிகள் வாய்க்கால் தண்ணீர் மாதிரி இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். டிஸ்ப்ளே போர்ட்டில் அவை சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் போகும். ஒன்றை வாங்கும் மானிட்டருக்கு மற்றது புரியாது.

அப்படியென்றால் அந்தக் கேபிள் சரியான திசையில் மட்டும் எப்படி வேலை செய்கிறது? அங்கே மொழிபெயர்ப்பது கேபிள் இல்லை, கம்ப்யூட்டர். பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு இரண்டு மொழியும் தெரியும். எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் மாட்டியிருக்கிறது என்பதை அதிலுள்ள ஒரு பின் மூலம் தெரிந்துகொண்டு, உடனே எச்டிஎம்ஐ முறைக்கு மாறிவிடும். கேபிளின் தலைக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் மின்னழுத்தத்தைச் சரிப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அது மலிவாகக் கிடைக்கிறது. எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ஒரே ஒரு மொழிதான். அது டிஸ்ப்ளே போர்ட் முறைக்கு மாறவே மாறாது. ஆகவே அதே கேபிளை நூறு தடவை மாற்றி வாங்கினாலும் உங்களுக்குப் படம் வராது.

என் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதலில் மானிட்டர். No Signal என்ற எழுத்தை லேப்டாப் அனுப்பவில்லை. மானிட்டர் தானாக எழுதிக் காட்டுவது அது. அந்த எழுத்து பிசிறில்லாமல் தெரிகிறது என்றாலே பேனலும் உள்விளக்கும் உயிரோடு இருக்கின்றன. கேபிளைக் கழற்றிவிட்டு, மானிட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பல ஆபீஸ் மானிட்டர்கள் அப்போது கேபிள் இல்லை என்று வேறொரு செய்தியைக் காட்டும். பிறகு கேபிளை மாட்டி, மானிட்டரின் ஓரத்துப் பொத்தானை அழுத்தி, படம் எங்கிருந்து வரவேண்டும் என்ற மெனுவில் DisplayPort தேர்வாகியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அது VGA என்பதில் நின்றிருந்தால் நல்ல கேபிளுக்கும் No Signal தான் வரும்.

அடுத்து லேப்டாப். கேபிள் இரண்டு பக்கமும் மாட்டியிருக்கும்போது `Win + P` அழுத்தி Extend என்பதைத் தேர்வு செய்யுங்கள். பிறகு Settings, System, Display என்று போய், Multiple displays பகுதியில் Detect பொத்தானை அழுத்துங்கள். இரண்டாவது திரை கிடைக்கவில்லை என்று சொன்னால் திசைத் தப்பு ஏறக்குறைய உறுதி. எந்த மானிட்டரும் மாட்டியவுடன் தன் பெயரையும் தன்னால் காட்ட முடிந்த அளவுகளையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எச்டிஎம்ஐ அதைக் கேட்கும் வழி ஒன்று, டிஸ்ப்ளே போர்ட் பதில் சொல்லும் வழி வேறு. கேள்வியே போய்ச் சேராததால், உங்கள் லேப்டாப்பைப் பொறுத்தவரை அங்கே மானிட்டரே இல்லை. ஒருவேளை இரண்டாவது திரை பட்டியலில் வந்து, படம் மட்டும் வரவில்லை என்றால், நான் சொன்ன காரணம் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது மானிட்டரின் மெனுவையும், லேப்டாப்பில் வைத்திருக்கும் ரெசல்யூஷனையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும், லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டே போயிருந்தால்? வீட்டு டிவியில் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளால் மாட்டிப் பாருங்கள். அங்கே படம் வந்தால் போர்ட் நன்றாக இருக்கிறது.

இனி என்ன வாங்குவது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் பக்கத்தில் நீல நிற விஜிஏ ஒன்றும், வெள்ளை நிறத்தில் மூன்று வரிசைத் துளைகளோடு அகலமான ஒன்றும் இருக்கின்றன. அந்த வெள்ளைதான் டிவிஐ. உங்களுக்கு அதுதான் வழி. எச்டிஎம்ஐ உருவானதே டிவிஐயின் மேல்தான் என்பதால் படம் அனுப்பும் முறை இரண்டுக்கும் ஒன்று. மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை. எச்டிஎம்ஐ - டிவிஐ கேபிள் என்று கேட்டால் சாதாரணக் கேபிள் ஒன்று கொடுப்பார்கள், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்தக் கேபிளுக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கம் கம்ப்யூட்டர் இருந்தாலும் வேலை செய்யும்.

கடையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் மானிட்டரின் டிவிஐயில் தட்டையான நீளப் பிளவைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இல்லை. அதனால் 24+1 வகைக் கேபிள்தான் நுழையும். பிளவைச் சுற்றி நான்கு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் 24+5 வகையைக் கொடுத்தால் அது உள்ளே போகாது. அழுத்தினால் ஊசி வளைந்துவிடும். பக்கத்துத் திருகுகளைக் கையால் முறுக்கினால் போதும். மாட்டியதும் மானிட்டர் மெனுவில் DVI என்று மாற்றுங்கள்.

இந்த வழியில் சத்தம் மானிட்டருக்குப் போகாது, லேப்டாப்பிலிருந்தே கேட்கும். டிசைன் காட்டுகிற உங்களுக்கு அது குறையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் படத்தின் கூர்மை உங்களுக்கு முக்கியம். கல்லில் பூவின் கோடு எவ்வளவு சன்னமானது என்பது வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால் `Win + P` அழுத்தும்போது Duplicate வேண்டாம். அதில் லேப்டாப்பின் குறைந்த ரெசல்யூஷனே பெரிய திரைக்கும் போய்க் கோடெல்லாம் கசங்கித் தெரியலாம். Extend வைத்து, மானிட்டருக்கு உரிய அளவைத் தேர்வு செய்யுங்கள். இந்தக் கேபிளில் 1920 × 1080 தடையில்லாமல் வரும்.

மானிட்டரில் டிவிஐயும் இல்லாமல் டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இருந்திருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றும் கன்வர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் உண்மையிலேயே மொழிபெயர்க்கிற சிப் உண்டு, விலையும் கூடுதல். அடையாளம் எளிது: எச்டிஎம்ஐ போர்ட் கொடுக்கும் மின்சாரம் அந்தச் சிப்புக்குப் போதாது என்பதால், பெரும்பாலும் கரண்டுக்கென்று ஒரு யுஎஸ்பி வால் தொங்கும். வாலும் இல்லை, விலையும் மலிவு என்றால் அது நீங்கள் ஏற்கெனவே வாங்கிய ஒருவழிக் கேபிளாகவே இருக்கும்.

கேபிளின் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்பது, விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. ஆர்டர் விவரத்தைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். "டிஸ்ப்ளே போர்ட் டு எச்டிஎம்ஐ" என்றிருந்தால் முதலில் வருவது கம்ப்யூட்டர் பக்கம், பின்னால் வருவது திரைப்பக்கம் என்பதுதான் வழக்கம். அப்படி எழுதித்தான் விற்றார்கள் என்றால் பொருளில் குறை இல்லை. அவர்களின் ரிட்டர்ன் நாட்களுக்குள் இருந்தால் மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் இரு திசையிலும் வேலை செய்யும் என்றோ, எச்டிஎம்ஐ லேப்டாப்பை டிஸ்ப்ளே போர்ட் மானிட்டரில் மாட்டலாம் என்றோ எழுதியிருந்தால் கதை வேறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு வரிகளை மாற்றிவிட்டால் உங்களிடம் சாட்சி இருக்காது. அவர்கள் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள், பித்தளைப் பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். பழைய மானிட்டருக்கும் அதே பழக்கம் வேண்டும். இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால், போகும்போது லேப்டாப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ அல்லது டிவிஐ இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே மாட்டி, படம் வந்த பிறகு பணம் கொடுங்கள்.

கேபிளை அவர்கள் திரும்ப எடுக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படத்தின் ஓரத்தில், மேசைக்குக் கீழே உங்கள் பில் போடும் சிபியு தெரிகிறது. அதன் பின்னால் ஒரு மூலை மட்டும் வெட்டிய செவ்வகமாக ஒரு துளை இருந்தால் அதுதான் டிஸ்ப்ளே போர்ட். பக்கத்தில் டி, பி எழுத்துகளோடு இரண்டு கூட்டல் குறியும் இருந்தால், இந்தக் கேபிளுக்கு ஏற்ற இடம் அதுவே. டிஸ்ப்ளே போர்ட் முனையை அங்கே மாட்டி, எச்டிஎம்ஐ முனையைக் கூடத்து டிவியில் மாட்டுங்கள், படம் வரும்.