மேலாளர் முடிவெடுக்க வேண்டிய இடம்

கேள்வி: ஓய்வு பெற்ற வங்கி மேலாளரைப் பற்றிச் சிறுகதை எழுதியிருக்கிறேன். தொழிலதிபர் ஒருவர் அவரைப் பகுதிநேர ஆலோசகராக அழைக்கிறார். ஊர்க் கல்லூரியோ வணிகவியல் பாடம் நடத்தக் கூப்பிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து யோசித்து, நிம்மதிதான் முக்கியம் என்று கல்லூரிக்குப் போகிறார். படித்தவர்கள், ‘முடிவு ஒட்டவில்லை’ என்கிறார்கள். எப்படித் திருத்துவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: அவரைத் திண்ணையிலிருந்து எழுப்பித் தொழிலதிபரின் அலுவலகத்தில் உட்கார வையுங்கள். அவர் வேலை பார்ப்பதை நாங்கள் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஆலோசகரிடம் பெரும்பாலும் வருவது கடனுக்கான திட்ட அறிக்கைதான். சிறுதொழிலின் நடைமுறை மூலதனக் கடனுக்கு வங்கிகள் வைத்திருக்கும் எளிய கணக்கு, வரும் ஆண்டு எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம். அந்த முதலாளி அட்டைப்பெட்டி தயாரிப்பவர், சென்ற ஆண்டு விற்பனை 1.2 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள ஆர்டர்களைப் பார்த்து உங்கள் மேலாளர் 1.5 கோடி என்று எழுதுகிறார். கடன் 30 லட்சம் வரும். முதலாளி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, “சார், அதை இரண்டு கோடி ஆக்கிவிடுங்களேன்” என்கிறார். இப்போது 40 லட்சம். கடனில் ஒரு சதவீதம் கட்டணம் என்று பேசியிருந்தால் மேலாளருக்கும் பத்தாயிரம் கூடும்.

இரண்டு கோடியை அப்பட்டமான பொய் என்றும் சொல்ல முடியாது, எதிர்பார்ப்புதானே! கதை இங்கேதான் இருக்கிறது. பின்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். விற்பனை ஏறாவிட்டால் மிகுதிப் பணம் மனை வாங்கப் போய்விடும். மாதாந்தர ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் சரக்கு கிடங்கில் இருக்காது. வட்டி 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அப்போது விளக்கம் கேட்டு மெமோ வருவது கடனுக்குக் கையெழுத்திட்ட கிளை மேலாளருக்குத்தான். அந்தக் கிளை மேலாளரை உங்கள் நாயகனிடம் வேலை கற்றவராக ஆக்குங்கள்.

கல்லூரியையும் ஓய்விடமாகக் காட்டாதீர்கள். குறைந்த தொகுப்பூதியம், மதிய வகுப்பில் கண் சொக்கும் மாணவர்கள், எல்லாம் வரட்டும். ஒரு மாணவி, “சரக்கைக் கூட்டி எழுதினால் எப்படி சார் கண்டுபிடிப்பது?” என்று கேட்கட்டும். மின் கட்டண ரசீதையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். உற்பத்தி ஏறியிருந்தால் மின்சாரமும் ஏறியிருக்க வேண்டும். தன் முப்பது ஆண்டு அனுபவம் எங்கே செல்லும் என்பது அந்தப் பதிலைச் சொல்லும்போது அவருக்கே தெரிந்துவிடும்.

அதன் பிறகு அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒட்டும். 1.5 கோடியை மாற்றாமல் ஆலோசகராகவே நீடித்தால் எனக்கு இன்னும் பிடிக்கும், அது கடினமான வழி.

இன்னொன்று. நேற்று ஓய்வு பெற்றவரை இன்றே தொழிலதிபர் அழைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பொதுத்துறை வங்கி ஓய்வூதியம் பெறும் அதிகாரி, ஓய்வு பெற்ற புதிதில் தனியார் வேலையை ஏற்க வங்கியின் முன் அனுமதி வாங்க வேண்டும். அவர் ஓய்வு பெற்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதாக மாற்றிவிடுங்கள்.