ஒரே தாளில் இரண்டு அளவுகோல்கள்

"கால்பந்து ஆடும் என் மகனுக்கு 17 வயது. முழங்கால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மீடியல் மெனிஸ்கஸின் பின்பகுதியில் கிரேடு 3 கிழிசல், எம்.சி.எல். லிகமெண்ட்டில் கிரேடு 1 சுளுக்கு என்று இருக்கிறது. கிரேடு 3 என்றால் முழுவதும் அறுந்துவிட்டது என்றுதானே பொருள்? அறுவை சிகிச்சை கட்டாயமா?"

இல்லை. கிரேடு 3 என்றால் முழுவதும் அறுந்தது என்பது எலும்புகளை இணைக்கும் நாரான லிகமெண்ட்டுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸுக்கு வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நடுராத்திரியில் கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் படிக்கும் பெற்றோருக்கு எப்படித் தெரியும்?

நான் மருத்துவன் அல்ல, மும்பை செம்பூரில் இருக்கும் ஒரு வங்கி ஊழியன். "டாக்டரிடம் கேட்காமல் இங்கே ஏன் பதில் சொல்கிறாய்" என்று கருத்திட வருபவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தவறாகப் படித்து என் மகளிடம் இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவள் கபடி ஆடுபவள். அப்போது வயது 16. ரெய்டு போனபோது ஒரு பெண் கணுக்காலைப் பிடிக்க, இன்னொருத்தி வெளிப்பக்கத்திலிருந்து முழங்காலில் மோதினாள். ரிப்போர்ட்டில் எம்.சி.எல். கிரேடு 2, மீடியல் மெனிஸ்கஸ் கிரேடு 2, வெளிப்பக்கத் தொடை எலும்பில் உட்காயம், மூட்டின் நடுவில் இருக்கும் லிகமெண்ட்டான ஏ.சி.எல். நலம் என்று இருந்தது. என் கண்ணில் பட்டது மெனிஸ்கஸ் மட்டும்தான். ஊரிலிருந்து என் மைத்துனர் வேறு, "பாதி கிழிந்துவிட்டது மாப்பிள்ளை, வெட்டி எடுத்துவிடுவார்கள்" என்றார். நான்கு மாதம் கழித்து நடக்கவிருந்த அணித் தேர்விலிருந்து அன்றிரவே போன் செய்து அவள் பெயரை எடுத்துவிட்டேன்.

எலும்பு மூட்டு மருத்துவர் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டுப் படங்களைத் திரையில் போட்டார். மெனிஸ்கஸ் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். உள்ளே வெள்ளைப் புள்ளி இருந்தால் கிரேடு 1, கோடு இருந்தால் கிரேடு 2. அந்தக் கோடு மேற்பரப்பைத் தொட்டால்தான் கிரேடு 3, அதுதான் கிழிசல். என் மகளுடைய கோடு மேற்பரப்பைத் தொடவே இல்லை. இந்த வயதில் மெனிஸ்கஸுக்குள் இரத்த ஓட்டம் அதிகம், அதுகூட அப்படித் தெரியும் என்றார். லிகமெண்ட்டிலோ கிரேடு 1 என்றால் நார்கள் அறாமல் சுற்றிலும் வீக்கம், 2 என்றால் பாதி அறுந்தது, 3 என்றால் முழுவதும். ஆக, நான் கவலைப்பட்டது ஒன்றுமில்லாத இடத்துக்கு. காயமோ நான் கண்டுகொள்ளாத எம்.சி.எல்.லில். வெளியிலிருந்து இடித்ததும் முழங்காலின் உட்பக்கம் விரிந்து அந்த நார் கிழிந்திருக்கிறது. வெளிப்பக்கத்தில் எலும்பும் எலும்பும் மோதியதுதான் அந்த உட்காயம். பிறகு அவர் காலைச் சற்று மடக்கிப் பக்கவாட்டில் தள்ளி, மற்ற காலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கத்தியே தேவைப்படவில்லை. கீல் வைத்த பிரேஸ் ஆறு வாரம், அதன் பின் பயிற்சி. மூன்றாவது மாதக் கடைசியில் களத்தில் நின்றாள். தேர்வு அதற்குப் பிறகுதான் நடந்தது. அவளுக்கு என்மேல் இருக்கும் கோபம் நியாயமானதுதான்.

அந்த ஆறு வாரமும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. பிரேஸோடு நான்கு மாடி. பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டார்கள்; கேட்டால் பொதுக்குழுவில் பேசலாம் என்றார்கள். அது கிடக்கட்டும்.

உங்கள் மகன் விஷயத்தில் எம்.சி.எல். கிரேடு 1 பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மெனிஸ்கஸ் கிரேடு 3 என்பது கிழிசல்தான், ஆனால் அது எவ்வளவு பெரியது என்பதை அந்த எண் சொல்லாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பாருங்கள். வெளிவிளிம்பை ஒட்டிய நெடுக்குக் கிழிசல் என்றால், அங்கே இரத்தம் பாயும் என்பதால் ஆறவும் தைக்கவும் வாய்ப்பு அதிகம். உள்விளிம்பில் அந்த வாய்ப்பு குறைவு. வாளிக் கைப்பிடி போல ஒரு துண்டு பிரிந்து மூட்டுக்குள் விழுந்திருந்தாலோ, முழங்காலை முழுவதும் நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ நாள் கடத்தாதீர்கள். தைக்க வேண்டும் என்று சொன்னால், ஓடித் திரும்பும் ஆட்டங்களுக்குப் பல மாதம் ஆகும். வெட்டி எடுத்தால் சீக்கிரம் ஆடலாம் என்று பயிற்சியாளர் ஆசை காட்டக்கூடும். வெட்டிய மெனிஸ்கஸ் திரும்ப வளராது. பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு அது வழி வைக்கும்.

ஏ.சி.எல். பற்றிய வரியையும் ஒருமுறை படித்துவிடுங்கள், கேள்வியில் அதை நீங்கள் குறிப்பிடவில்லை. அங்கே பாதிக் கிழிசல் என்று இருந்தால் படத்தை மட்டும் நம்ப முடியாது. மருத்துவர் கையால் இழுத்துப் பார்த்தே சொல்ல வேண்டும். போகும்போது தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படங்கள் இருக்கும் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அதை ஸ்கேன் மையம் கேட்ட பிறகுதான் கொடுத்தது, அதுவும் தனிக் கட்டணத்துக்கு.