நகைக்கடன் எடுத்தால் சிபில் ஸ்கோர் கூடுமா?

"இரண்டு கிரெடிட் கார்டு மட்டுமே வைத்திருக்கிறேன், ஒரு தவணையும் தவறியதில்லை, ஸ்கோர் 735-ஐத் தாண்டவில்லை. நகைக்கடன் ஒன்று எடுத்தால் கூடுமா?"

சிறிதளவு கூடலாம், ஆனால் அதற்காகவே கடன் வாங்க வேண்டாம். அடமானமுள்ள கடனும் அடமானமில்லாத கடனும் கலந்திருப்பதை சிபில் சாதகமாகவே பார்க்கிறது என்றாலும், தவணை தவறாமையும் கார்டு வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதும் அதைவிட அதிகம் கணக்கில் வருகின்றன.

உங்கள் ஸ்கோர் நிற்பதற்கு இந்தப் பயன்பாட்டு விகிதமே காரணமாக இருக்கக்கூடும். 1,00,000 ரூபாய் வரம்புள்ள கார்டில் 70,000 செலவழித்துவிட்டு, கெடு தேதிக்குள் முழுவதும் கட்டினாலும், அதற்கு முன்பே பில்லில் உள்ள 70,000 சிபிலுக்குப் போயிருந்தால் உங்கள் பயன்பாடு 70 சதவீதம் என்றே பதிவாகும். ஒழுங்காகக் கட்டுபவர்களைத்தான் இது அதிகம் ஏமாற்றுகிறது.

சிபில் தளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு கார்டுக்கும் நேரே உள்ள நிலுவைத் தொகையை வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால், பில் போடும் நாளுக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள்.

நகைக்கடனுக்கு விண்ணப்பித்தால் வங்கி செய்யும் விசாரணை உங்கள் சிபில் அறிக்கையில் பதிவாகி, முதலில் ஸ்கோர் சற்று இறங்கவும் கூடும். வட்டியையும் அசலையும் ஆண்டு முடிவில் சேர்த்துக் கட்டும் வகை என்றால், அந்த ஒரு தேதி தவறினாலே தாமதம் 36 மாத வரலாற்றில் தெரியும். வீடோ வண்டியோ உண்மையில் கடனில் வாங்கும்போது இந்தக் கடன் கலவை தானாகவே அமைந்துவிடும்.