ஒப்பாரி: அழுகையா, கவிதையா?

"சாவு வீட்டில் திடீரென அழுதபடி பாடுவதை எப்படிக் கவிதை என்கிறார்கள்?"

ஒப்பாரி என்பது இறந்தவரை முன்னிலைப்படுத்தி, பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டி உட்கார்ந்து அழுதபடியே கட்டும் பாட்டு. அந்தத் துக்கத்திலும் வரிகள் தடுமாறாமல் வருவதற்குக் காரணம், பாட்டின் அச்சு முன்பே கைவசம் இருப்பதுதான். கோலத்தில் புள்ளி பழகியது, கோடு இழுப்பவளுடையது அல்லவா, அப்படி.

தாயை இழந்த மகள் பாடுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

வெள்ளித் தட்டெடுத்து வீடு தேடி வந்தேன்
வெறுங்கையா நிக்கிறனே வாசலில

அடுத்த சுற்றில் வெள்ளி தங்கமாகும்:

தங்கத் தட்டெடுத்துத் தாய்வீடு வந்தேன்
தாங்க ஆளில்லாமத் தரையில நிக்கிறனே

முதலடியில் செல்வம், இரண்டாமடியில் இழப்பு. தட்டின் மதிப்பு ஏற ஏற அவள் நிலை இறங்குகிறது. 'வெள்ளி'க்கு 'வெறுங்கை'யையும் 'தங்க'த்துக்குத் 'தாங்க'வையும் ஓசைதான் இழுத்து வருகிறது. யோசிக்க நேரமில்லாதவளுக்கு அடுத்த சொல்லைத் தருவது இந்த மோனைதான்.

இனி தாய்வீட்டில் தனக்கு என்ன இடம் என்ற கவலையும், அண்ணி மீதான குறையும் இதற்குள் நுழைந்துவிடும். மற்ற நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை அவை. என்னைக் கேட்டால் பாட்டின் உயிரே அங்கேதான்.

ஒப்பாரி என்றாலே கூலிக்கு அழுவது என்று பலர் நினைக்கிறார்கள். கூலிக்கு மாரடிப்பவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பாடுவது உறவுக்காரப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும்தான்.