மாமனார் கார்டு, மருமகள் கணக்கு

"கைப்பை தைத்து இணையத்தில் விற்கிறேன். முதல் முறை வாங்கிய ஒரு பெண், பையைத் திருப்பி அனுப்பிவிட்டதாக டிராக்கிங் எண் தந்திருக்கிறார். பார்சல் வருமுன்னே பணம் கேட்கிறார். மாமனார் கார்டில் வாங்கியதாம், அதனால் தன் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். பாவம், ஏதோ அவசரமாம். கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதீர்கள். பார்சலைப் பிறகு பார்ப்போம். அந்த மாமனாரை எப்படி இத்தனை சுலபமாகத் தாண்டிப் போனீர்கள்? பணம் அவருடையது. மருமகளே கேட்டாலும் அது அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும். இன்னொரு வீட்டுப் பெரியவரின் பணத்தை யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்க நீங்கள் யார்?

அப்படி ஒரு மாமனார் இருக்கிறாரா என்பதே சந்தேகம். திருட்டுக் கார்டு என்றால், சில வாரங்களில் கார்டுக்காரர் "நான் எதுவும் வாங்கவில்லையே" என்று வங்கியில் புகார் கொடுப்பார். வங்கி அந்தத் தொகையை உங்களிடமிருந்து பிடித்துக்கொள்ளும். ஒரு முறை வந்த பணம் இரண்டு முறை போகும், பையும் போகும். அதனால் பணம் வந்த வழியிலேயே, அந்த ஆர்டரில் உள்ள ரீஃபண்ட் பொத்தான் மூலமாகவே திருப்புங்கள். ஏற்கெனவே திருப்பிக் கொடுத்ததற்கு அதுவே சாட்சி.

அடுத்தது டிராக்கிங் எண். லேபிள் அச்சடித்த நிமிடமே எண் கிடைத்துவிடும், பார்சல் வீட்டிலேயே கிடக்கலாம். கூரியர்காரர் வாங்கி ஸ்கேன் செய்த தேதியும் இடமும் தெரிந்தால்தான் அது கிளம்பியிருக்கிறது. எடையையும் பாருங்கள். நீங்கள் அனுப்பியது 640 கிராம், திரும்புவது 150 கிராம் என்றால் வெறும் உறைதான் வருகிறது. எடை ஒத்துப்போனாலும் உள்ளே பழந்துணி இருக்கலாம். ஆகவே புதியவர் என்றால் பிரித்துப் பார்த்த பிறகே பணம். பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

இரண்டு மூன்று முறை வாங்கி வம்பு செய்யாதவர் என்றால் முதல் ஸ்கேனே போதும். தவறு உங்களுடையது, நிறம் மாறிப் போயிற்று என்றால், யாராக இருந்தாலும் ஸ்கேன் ஆனதும் கொடுத்துவிடுங்கள். அதில் கணக்குப் பார்ப்பது கேவலம். உங்கள் நாட்டுச் சட்டமோ விற்கும் தளமோ வேறு கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும்.

விலையில் ஐந்தில் ஒரு பங்கு லாபம் என்றால், தொலைந்த ஒரு பையை ஈடுகட்ட நான்கு பை விற்றாக வேண்டும். பார்சல் வராமலே கொடுத்த பணம் எல்லாம் சேர்ந்து ஒரு வார லாபத்தைத் தாண்டினால், பழையவர்களும் காத்திருக்கட்டும். இரக்கம் உங்கள் குணம், சரி. அதற்குச் செலவாவது வீட்டுப் பணம்.

இன்றே எழுதுங்கள்: "பார்சலைப் பிரித்துப் பார்த்த இரண்டு வேலை நாளுக்குள், வாங்கிய கார்டுக்கே பணம் வரும்." மாமனார் பணம் மாமனாருக்கே போவதில் அந்த மருமகளுக்கு என்ன வருத்தம் வருகிறது என்று பாருங்கள்.