படக் காட்சியின் கறுப்புப் பட்டையை வெட்டுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடியோக்களும் குறும்படங்களும் எடிற் செய்வது என் வேலை. படத்தில் இருந்து எடுத்த காட்சிகளில் மேலும் கீழும் நிற்கும் கறுப்புப் பட்டையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இவை.

கொக்குவில் தங்கச்சி: அண்ணை, எங்கட குறும்படத்தில இருந்து போஸ்டருக்கு ஆறு காட்சி எடுத்தன். கறுப்பை வெட்டினால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு உயரமா வருது. ஏன்?

கண்ணால் பார்த்து வெட்டுவதால்தான் தங்கச்சி. ஒரு படத்துக்கு ஒரு முறை அளந்து, அந்த எண்களையே ஆறு காட்சிக்கும் போடுங்கள்.

அளப்பதற்கு ஆறிலும் வெளிச்சமான காட்சியை எடுக்க வேண்டும். நீங்கள் அனுப்பியவற்றில் காங்கேசன்துறைக் கடற்கரை மத்தியானக் காட்சிதான் அதற்கு நல்லது. மேல் விளிம்பு முழுக்க வெள்ளை வானம், கீழே மணல். அதைக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து எட்டு மடங்கு பெருப்பித்துப் பார்த்தேன். மொத்த அளவு 1920க்கு 1080 பிக்சல். மேலே 138 பிக்சல் வரிசை கறுப்பு, கீழேயும் 138. நடுவில் மிஞ்சும் படம் 804 வரிசை. 1920ஐ 804ஆல் வகுத்தால் 2.39 வரும். அகலத்திரைப் படங்களின் வழமையான விகிதம் அதுதான், ஆகவே அளவு சரி.

இங்கே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வானம் தொடங்கும் முதல் வரிசை முழு வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறம். வீடியோவைச் சுருக்கும்போது கறுப்பும் வெள்ளையும் அந்த விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்று கசிந்துவிடும். 138இல் வெட்டினால் போஸ்டரில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அதனால் மேலும் கீழும் இரண்டிரண்டு வரிசை கூட வெட்டச் சொல்கிறேன். கிம்பின் வெட்டும் கருவியில் `Position` என்ற இடத்தில் 0, 140 என்றும் `Size` என்ற இடத்தில் 1920, 800 என்றும் அடியுங்கள். நாலு வரிசை போனது யாருக்கும் தெரியாது, கோடு இருந்தால் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் இந்த எண்களை அடுத்த படத்துக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். 2.35 விகிதத்தில் முடித்த படத்தில் பட்டை ஏறக்குறைய 132 வரிசைதான் வரும். 1.85 என்றால் வெறும் 21.

சுன்னாகம் தம்பி: இவ்வளவு அளக்கத் தேவையில்லை அண்ணை. கிம்பில `Crop to Content` அமத்தினால் தானா வெட்டும். எனக்கு எப்பவும் சரியாத்தான் வருது.

பாதி சரி தம்பி. கணினியில் எடுத்துப் பிஎன்ஜியாகவே வைத்திருக்கிற வெளிச்சமான காட்சியில் அது நன்றாக வெட்டும். அதே படம் வாட்ஸ்அப்பில் போய் வந்தால் ஜேபெக் ஆகிவிடும். அப்போது பட்டையின் விளிம்பருகே முழுக் கறுப்போடு கொஞ்சம் கொஞ்சம் வேறு நிறமும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அது அங்கேயே நின்றுவிடும்.

அதைவிட மோசமானது இரவுக் காட்சி. கரன்ட் போன வீட்டுக்குள் ஒரு விளக்கு மட்டும் எரிகிறது என்று வையுங்கள். சுற்றியுள்ள இருட்டும் பட்டை போலவே முழுக் கறுப்பு. கருவி பட்டையோடு சேர்த்து இருட்டையும் தின்றுவிடும். இயக்குநர் விளக்குக்கு மேல் வேண்டுமென்றே விட்ட வெறுமை போய்விடும், எனக்கு அது உண்மையிலேயே மனவருத்தம். கண்டுபிடிப்பது எளிது: ஒரே படத்தின் மற்றக் காட்சிகள் 804 உயரமாக இருக்க இது மட்டும் 730 என்று வந்தால், தின்றுவிட்டது என்று அர்த்தம்.

நெல்லியடி: ஒரு காட்சி இல்லை, பத்து நிமிஷ றெக்கோர்டிங் முழுக்கப் பட்டை. என்ன செய்யலாம்?

கட்டளை எழுதி வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் வைத்திருந்தால் அதுவே அளந்து சொல்லும். பகல் காட்சி வரும் நேரத்தைக் கொடுங்கள்.

```
ffmpeg -ss 00:04:00 -i kadal.mp4 -t 10 -vf cropdetect=24:2:0 -f null -
```

கடைசியில் `crop=1920:804:0:138` போல ஒரு வரி வரும். அகலம், உயரம், இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு என்று வாசியுங்கள். மேலே உள்ள கட்டளையில் 24க்கும் 0க்கும் நடுவில் உள்ள அந்த 2 முக்கியம். அதைப் போடாவிட்டால் கருவி 16இன் மடங்காகக் குறைத்து 800 என்று சொல்லும், பலர் அதையே உண்மையான அளவென்று நம்பிவிடுகிறார்கள். சரி, வந்த எண்ணை இப்படிப் போடுங்கள்:

```
ffmpeg -i kadal.mp4 -vf crop=1920:804:0:138 -c:a copy puthu.mp4
```

சப்டைட்டில் கறுப்புப் பட்டைக்குள் எழுதப்பட்டிருந்தால் அதையும் படம் என்றே கணக்கெடுக்கும். யாரும் பேசாத பத்து விநாடியைத் தேடிக் கொடுங்கள்.

சாவகச்சேரி: எனக்கும் இதே பிரச்சினை. போன்ல படம் பார்க்கேக்க ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் முழுக்கக் கறுப்பு. எப்படி வெட்டுறது?

இது வேறு விஷயம். முழுக்கக் கறுப்பு என்றால் அந்தச் செயலி படம் பிடிப்பதைத் தடுத்திருக்கிறது. அதற்குள் வெட்டி எடுக்க ஒன்றும் இல்லை.

மானிப்பாய் அக்கா: என்ர போன்ல எடுத்தால் நாலு பக்கமும் கறுப்பு வருது தம்பி. மகன் சொல்றான், இரண்டு விரலால பெருப்பிச்சுப் போட்டு எடுங்கோ எண்டு.

இரண்டு பட்டை ஒன்றுக்குமேல் ஒன்று ஏறி நிற்கிறது அக்கா. மேல் கீழ்ப் பட்டை வீடியோவுக்குள்ளேயே இருக்கிறது. இடம் வலம் உள்ளது உங்கள் போன் போட்டது. திரை 2400க்கு 1080 என்றால் வீடியோ நடுவில் 1920 பிடிக்கும், இரண்டு பக்கமும் 240 மிச்சம். ஆகவே படமும் 2.39 விகிதம் என்றால் இடமிருந்து 240, மேலிருந்து 140, அளவு 1920க்கு 800.

மகன் சொன்னபடி கறுப்பு மறையும் மட்டும் பெருப்பித்தால் பட்டை போகும், படமும் இரண்டு பக்கமும் போகும். அந்தத் திரையில் அது சின்ன நட்டம்தான். ரீவியில் அப்படி நிரப்பினால் அகலத்தில் கால்வாசி போய்விடும். இன்னொன்று, எடுக்கும்போது நிறுத்தும் பொத்தான்கள் திரையில் இருந்தால் படமே மங்கிப் போகும். அவை மறைந்த பிறகு எடுங்கள்.

பருத்தித்துறை: அம்மா அப்பாவின்ர கலியாணக் கசற்றை டிஜிற்றலாக்கித் தந்தார்கள். இடமும் வலமும் கறுப்பு, ஆனா விளிம்பு நேரா இல்லை, நெளியுது. கீழே கோடு கோடா ஆடுது.

பழைய ரீவி அளவு 4க்கு 3, அதை 1080 உயரத்தில் வைத்தால் 1440 அகலம், இரண்டு பக்கமும் 240. முதலில் அதை மட்டும் வெட்டுங்கள். 1440ஐ 1920க்கு இழுக்க வேண்டாம், அம்மாவின் முகம் அகன்றுவிடும். கீழே ஆடும் கோடுகள் கசற்றிலேயே இருப்பவை. வீடியோ டெக்கின் வாசிக்கும் முனை மாறும் இடம் அது, பழைய ரீவி அதை மறைத்துத்தான் காட்டும். தயங்காமல் வெட்டலாம்.

நெளிவுக்கு எவ்வளவு கூட வெட்டுவதென்று ஒரு காட்சியை வைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தாலி கட்டும் இடத்தில் ஒன்று, கசற்றின் கடைசியில் ஒன்று எடுத்து அனுப்புங்கள். எங்கே அதிகம் நெளிகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.