பாட்டு நோட்டைத் தட்டச்சு செய்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் கீர்த்தனை நோட்டில் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் "(மழையே)" என்று ஒரே சொல்தான் இருக்கிறது. அங்கே பல்லவி முழுவதையும் அடித்துவிடலாமா ஐயா?

வேண்டாம். நோட்டில் உள்ளபடி "(மழையே)" என்றே அடியுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கம், இரண்டாம் சரணம் நீங்கலாக, இப்படி இருக்கிறது:

```
ப.     மழையே மெதுவாய்ப் பொழிவாயே – எங்கள்
       மண்குடம் நிறைய வருவாயே
அ.ப.   தழையும் தளிரும் தவித்திடவே – நீ
       தாழ்ந்தே இறங்கி வருவாயே   (மழையே)
ச. 1   ஏரியும் குளமும் வறண்டதம்மா – இனி
       ஏரும் கலப்பையும் எதற்கம்மா   (மழையே)
ச. 3   வாசல் நனைந்தது கண்டோமே – எங்கள்
       மண்குடம் நிறைய வந்தாயே   (மழையே)
```

மூன்றாம் சரணத்தின் இரண்டாம் வரியைப் பாருங்கள். பல்லவியின் இரண்டாம் வரிதான், ஆனால் "வருவாயே" போய் "வந்தாயே" வந்திருக்கிறது. மழை பெய்துவிட்டது என்பதைச் சொல்லும் இடமே அதுதான். இதைப் பல்லவி என்று நினைத்து மேலேயிருந்து நகலெடுத்து ஒட்டினால் அந்தச் சொல் காணாமல் போகும், போனதே யாருக்கும் தெரியாது. எழுதியவர்கள் மாறாததைத்தான் சுருக்குவார்கள். மெனக்கெட்டு முழுதாக எழுதியிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. "(மழையே)" என்றால் முதல் வரிக்கு மட்டும் திரும்புவதா, இரண்டு வரிக்குமா என்று இந்தத் தாள் சொல்லவில்லை. விரித்து எழுதினால் அந்த முடிவை நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: நான் பஜனைக் குழுவில் பாடுகிறேன். நீங்கள் சொல்வதுபோல் அடித்துக் கொடுத்தால், மேடையில் ஒருவர் கண்ணை மேலே ஓட்டிப் பல்லவியைத் தேடுவார், தாளம் தப்பும். விரித்து எழுதுவதுதானே முறை?

மேடைக்கு விரித்துத்தான் எழுத வேண்டும், அதில் சண்டையே இல்லை. ஆனால் அது வேறு கோப்பு. முதலில் நோட்டில் உள்ளபடி ஒன்று, அதிலிருந்து பாடுவதற்கு ஒன்று. இரண்டாவதில் நீங்கள் சேர்த்த வரிகளைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். வளைந்த அடைப்பு பாட்டியுடையது, சதுர அடைப்பு உங்களுடையது. ஒரே கோப்பில் இரண்டையும் கலந்துவிட்டு, பத்து வருடம் கழித்து எது யார் எழுதியது என்று கேட்காதீர்கள்.

கேள்வி: தாளின் அகலம் போதாமல் வரி மடிந்திருக்கிறது. எது உண்மையான அடி, எது இடமில்லாமல் கீழே வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வலது ஓரத்தைப் பாருங்கள். எழுத்து ஓரம்வரை நெருக்கியடித்துப் போய், அடுத்த வரி ஓரிரு சொல்லோடு முடிந்தால் பெரும்பாலும் மடிந்த வரி. ஓரத்தில் நிறைய இடமிருந்தும் கீழே இறங்கியிருந்தால், எழுதியவர் வேண்டுமென்றே முறித்திருக்கிறார்.

பிறகு எதுகையைப் பாருங்கள். மேலே காட்டிய பாட்டில் "மழையே", "தழையும்" இரண்டிலும் இரண்டாம் எழுத்து ழகரம். அதனால் "தழையும்" ஒரு தொடக்கம் என்று உறுதியாகச் சொல்லலாம். எதுகை இல்லாத இடத்தில் மோனை கைகொடுக்கும்: "மழையே", "மண்குடம்". இரண்டும் இல்லாவிட்டால் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், மெட்டு எங்கே திரும்புகிறதோ அங்கே அடி. அதற்கும் பிடிபடாவிட்டால் நோட்டில் உள்ளபடியே முறித்துவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். புதுக்கவிதையாக இருந்தால் எதுகையெல்லாம் உதவாது, ஓரத்தை மட்டும்தான் நம்ப முடியும்.

கேள்வி: ஸ்பேஸ் தட்டித் தட்டி உள்தள்ளினேன். கணினியில் சரியாக இருந்தது, வலைப்பக்கத்தில் போட்டதும் எல்லாம் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது.

வலைப்பக்கம் அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாக்கிவிடும், வரி தொடக்கத்தில் இருந்தால் விழுங்கிவிடும். பாட்டைச் சுற்றி இதைப் போடுங்கள்:

```
<div style="white-space: pre-wrap">
…
</div>
```

கோப்பில் ஸ்பேஸை எண்ணாமல் படிகளாக எண்ணுங்கள்: ஓரத்தை ஒட்டியது 0, சற்று உள்ளே 1, நன்றாக உள்ளே 2. படிக்கு ஒரு டேப். கையெழுத்தில் உள்தள்ளல் மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றுபோல் இருக்காது. எழுதியவர் மனத்தில் இரண்டு மூன்று படிகள்தான் இருந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, கை நடுக்கத்தை நகலெடுப்பதல்ல.

கேள்வி: வரிக்கு நடுவில் ஸ்பேஸ் போட்டு "(மழையே)" எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினேன். எழுத்துருவை மாற்றியதும் கோணலாகிவிட்டது.

தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடும். "ஞௌ"வும் "ர"வும் ஒரே இடத்தையா பிடிக்கின்றன? நடுவில் ஸ்பேஸ் ஒருபோதும் வேண்டாம். ஒரே ஒரு டேப், அல்லது வேர்டில் வலது டேப்.

கேள்வி: ஸ்பேஸ் பாரில் எத்தனை தட்டு தட்டினால் சரியாக வரும்?

மேலே இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: கோடு போட்டு வரியின் கடைசியில் தொங்கும் "எங்கள்" அடுத்த வரியோடுதானே பொருள் சேர்கிறது? "எங்கள் மண்குடம்" என்று கீழே இறக்கிவிட்டேன்.

மேலே ஏற்றுங்கள். அது தனிச்சொல். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் கோட்டுக்குப் பிறகு நிற்கிறதே, அதே வழக்கத்தில்தான் கீர்த்தனையிலும் எழுதுகிறார்கள். கீழே இறக்கினால் அடியின் முதற்சொல் "எங்கள்" ஆகிவிடும். "மழையே", "மண்குடம்" என்ற மோனை ஓரத்தில் கண்ணில் படாது.

குறுக்கே ஒருவர்: தமிழாசிரியர் நான். வெண்பாவுக்கு நீங்கள் சொல்வது சரி. கீர்த்தனைக்கு யாப்பை இழுக்காதீர்கள். பல மெட்டுகளில் "எங்கள்" அடுத்த வரிக்கு எடுப்பாகத்தான் பாடப்படுகிறது. பாடுபவர் மூச்சு விடுவது அதற்கு முன்னால். அப்படியானால் கீழேதான் இருக்க வேண்டும்.

மூச்சு விடும் இடம் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பாட்டி கோடு போட்டு மேலே எழுதியிருக்கிறார். படியெடுப்பவர் மெட்டைக் கேட்டதில்லை, தாளைத்தான் பார்த்திருக்கிறார்.

அதே ஆசிரியர்: பாட்டிக்கும் தாளில் இடமிருந்தது, அதனால் மேலே எழுதினார் என்று ஏன் இருக்கக் கூடாது?

இருக்கலாம். அதே நோட்டில் வேறு பாட்டுகளில் இடமில்லாதபோதும் தனிச்சொல்லை மேலேயே இடுக்கியிருக்கிறாரா என்று பார்த்தால் ஓரளவு தெரியும். இந்த நோட்டின் மற்ற பக்கங்களை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்லட்டும்.

முதல் கேள்வி கேட்டவர்: பார்த்தேன் ஐயா. ஐந்தாம் பாட்டில் "நான்" என்ற சொல்லை ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் பாட்டில் கீழே இறக்கியிருக்கிறார்.

ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் அந்தந்தப் பக்கத்தில் உள்ளபடியே விடுங்கள், சீராக்க வேண்டாம்.

கேள்வி: தாலாட்டு ஒன்றில் வரியின் பக்கத்தில் "2" என்று இருக்கிறது. வரி எண்ணா?

இருமுறை பாடு என்ற குறி. வரியை இரண்டுமுறை அடிக்காமல் "2" என்றே விடுங்கள். ஆனால் 1, 3 என்று தொடர்ந்து வந்தால் அது கண்ணி எண். குழப்பம் வந்தால் முந்தைய கண்ணியைப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் ஓலைச்சுவடி இருக்கிறது. அதில் வரி முறிவே இல்லை, எப்படி உள்தள்ளுவது?

அது வேறு தொழில். ஓலையில் செய்யுளை அடி பிரிக்காமல் தொடர்ந்து எழுதுவதுதான் வழக்கம், புள்ளியும் வைக்க மாட்டார்கள். சுவடி படிக்கத் தெரிந்தவரிடம் போங்கள். சென்னை உ.வே.சா. நூலகத்திலோ தஞ்சை சரஸ்வதி மகாலிலோ விசாரிக்கலாம்.

கேள்வி: பல்லவியை ஒவ்வொரு சரணத்தின் கீழும் நகலெடுத்து ஒட்டிவிட்டேன். பரவாயில்லையா?

மூன்றாம் சரணத்தின் கடைசி வரியை நோட்டோடு ஒப்பிட்டுவிட்டு வாருங்கள்.